திருமுழுக்குப் பெயரும் வீட்டுப் பெயரும் ஒரே வரியில் இருக்கட்டும்

கேள்வி: "மகனுக்கு இளமாறன் என்று பெயர் வைத்து, மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழும் அப்புறம் ஆதாரும் வாங்கிவிட்டோம். இப்போது பங்கில் திருமுழுக்குக்குப் பதிவு செய்யப் போனால் 'புனிதர் பெயர் என்ன?' என்கிறார்கள். கட்டாயமா? வைத்தால் ஆதாரை மாற்ற வேண்டி வருமா? என் மனைவி உறுதிப்பூசுதலில் செசிலியா என்று ஒரு பெயர் எடுத்தாளாம், அது எந்தச் சான்றிதழிலும் இல்லை. எங்கே போனது அந்தப் பெயர்? நாங்கள் சென்னை, லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்."

கட்டாயமில்லை. ஆதாரைத் தொட வேண்டாம். உங்கள் மனைவியின் பெயர் பெரும்பாலும் ஒரு பழைய நோட்டில் பத்திரமாக இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதில் சின்னதாக ஒரு கண்ணி இருக்கிறது. அதில் நானே ஒரு குடும்பத்தை மாட்டிவிட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சென்னையில் ஒரு பங்கு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு என்று நான்கு பதிவேடுகளையும் கையால் எழுதியவன் நான். குருவானவரும் இல்லை, வக்கீலும் இல்லை. பதிவேட்டில் எது எழுதப்படுகிறது, இருபத்தைந்து வருடம் கழித்து அதைத் தேடி வருகிறவர் எப்படித் திண்டாடுகிறார் என்பது நன்றாகத் தெரியும்.

முதலில் சட்டம். இன்று நடைமுறையில் இருக்கும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 855-ஆம் எண் இதைப் பற்றிப் பேசுகிறது. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புனிதர் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அப்படியானால் உங்கள் பங்கில் ஏன் கேட்கிறார்கள்? இதற்கு முன்பிருந்த 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு வேறு மாதிரி சொன்னது. பங்குத்தந்தை கிறிஸ்தவப் பெயர் வைக்கச் சொல்ல வேண்டும், பெற்றோர் கேட்காவிட்டால் அவர்கள் வைத்த பெயரோடு ஒரு புனிதரின் பெயரைத் தானே சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. உங்கள் அப்பா, தாத்தா காலத்துப் பழக்கம் அங்கேயிருந்து வந்தது. சட்டம் மாறி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, ஆனால் அலுவலகத்தில் நீட்டுகிற விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்திலும் இருந்தது. பல ஊர்களில் கேட்கிற முறையும் பங்குக்குப் பங்கு மாறும். "ஒன்று சேர்த்துக்கொள்ளுங்களேன்" என்று பக்குவமாகச் சொல்பவரும் உண்டு, பெயர் இல்லாமல் படிவத்தையே வாங்காதவரும் உண்டு.

இளமாறன் என்ற பெயரில் கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமாக எதுவும் இல்லை. அன்பு, அமுதன், கவின், வெண்ணிலா எல்லாம் அப்படியே. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் புனிதரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு கிறிஸ்தவ மறைபொருளையோ நற்பண்பையோ குறிக்கிற பெயரையும் ஏற்கிறது. நேராக வேறு ஒரு தெய்வத்தின் பெயராக இருந்தால்தான் குருவானவர் தயங்குவார். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மார்ட்டின் என்பது ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது, டெனிஸ் என்பது கிரேக்க மதுக்கடவுளின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயர்களைத் தாங்கியவர்கள் புனிதர்கள் ஆனபிறகு பெயரும் புனிதமாகிவிட்டது. சேவியர் என்பது ஆள் பெயரே இல்லை, நவார் நாட்டில் ஒரு கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். நம்மூர் சவேரியார் அத்தனை பேரும் ஒரு வீட்டு விலாசத்தைத்தான் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். பெயரால் திருமுழுக்கு செல்லுபடியாவதும் இல்லை, செல்லாமல் போவதும் இல்லை. தண்ணீரும், தந்தை மகன் தூய ஆவியார் பெயரால் சொல்லப்படும் வார்த்தைகளும்தான் அதற்கு வேண்டும். குருவானவர் தண்ணீர் ஊற்றும்போது "இளமாறன்" என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

சரி, பதிவேட்டுக்கு வருவோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அலமாரியில் படுக்கவைத்திருக்கும் நீளமான கட்டுப்புத்தகம், ஒரு பக்கத்தைத் திறந்தால் எதிர்ப்பக்கம் வரை கோடு ஓடும். வரிசை எண், திருமுழுக்கு நாள், பிறந்த நாள், பிறந்த இடம், பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தந்தை ஞானத்தாய் பெயர், திருமுழுக்கு கொடுத்தவரின் கையெழுத்து, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்புக் கட்டம் அன்றைக்குக் காலியாகத்தான் இருக்கும். பையன் வளர்ந்து உறுதிப்பூசுதல் பெற்றால் அந்தத் தகவல் அங்கே வரும். வேறு பங்கில் கல்யாணம் பண்ணினால் அந்தப் பங்கிலிருந்து கடிதம் வந்து, அதுவும் அங்கே ஏறும். ஆக, ஒரு கத்தோலிக்கரின் மொத்தத் திருச்சபை வாழ்க்கையும் அந்த ஒரே வரியில் சேர்கிறது. அந்த வரியின் சாவி பெயர்க்கட்டத்தில் இருக்கும் சொல். புத்தகத்தின் பின்னால் அகரவரிசையில் ஒரு அட்டவணை இருக்கும், பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் தேடுவோம்.

அந்தப் பெயர்க்கட்டத்தில் மூன்று மாதிரி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, வீட்டுப் பெயர் மட்டும். இரண்டு, புனிதர் பெயர் மட்டும், அதாவது வீட்டில் இளமாறன், புத்தகத்தில் வெறும் அந்தோனி. மூன்று, இரண்டும். இந்த நடுவில் இருப்பதுதான் நான் சொன்ன கண்ணி. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அது பெரிய தொந்தரவு இல்லை, ஏனென்றால் திருமுழுக்குச் சான்றிதழைக் காட்டித்தான் பள்ளியிலேயே சேர்ப்பார்கள், அதில் இருக்கும் பெயரே எல்லா இடத்துக்கும் போய்விடும். இப்போது வரிசை தலைகீழ். மருத்துவமனையிலிருந்து மாநகராட்சிக்குப் போய், ஆதார் வந்து, அதற்கப்புறம்தான் கோயிலுக்கு வருகிறோம். குழந்தைக்கு ஏற்கனவே ஒரு பெயர் ஊன்றிவிட்டது. அந்த நிலையில் புத்தகத்தில் அந்தோனி என்று மட்டும் எழுதினால், அரசாங்கத்தில் ஒரு ஆளும் கோயிலில் வேறு ஒரு ஆளும் இருப்பது போல ஆகிவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பங்கில் பாடகர் குழுவில் கவிதா என்று ஒரு பெண். பள்ளி, கல்லூரி, பான் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் கவிதாதான். திருமுழுக்கு அவளுடைய அம்மாவின் ஊரில் நடந்தது, அங்கே பாட்டியின் பெயரைச் சொல்லி 'மரிய தெரேசா' என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் யாரும் அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கல்யாணம் நிச்சயமானது, மாப்பிள்ளைக்கு தோஹாவில் வேலை. கோயில் கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், வாங்கி வந்தார்கள். நான் அதைப் பார்த்து ஓலை எழுதினேன். மூன்று ஞாயிறு திருப்பலியில் 'மரிய தெரேசா' என்று வாசித்தாயிற்று. ஓலை வாசிப்பதே இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருந்தால் யாராவது வந்து சொல்லட்டும் என்பதற்குத்தான். இங்கே என்ன ஆயிற்று தெரியுமா, மேலே மாடியில் அவளோடு பாடிக்கொண்டிருந்த பெண்களுக்கே அது அவள்தான் என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்து "கவிதா அக்கா கல்யாண ஓலை எப்போ அண்ணே வாசிப்பீங்க?" என்று கேட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

திருமணப் பதிவேட்டிலும் சான்றிதழைப் பார்த்து 'மரிய தெரேசா' என்றே எழுதினேன். அவளும் கல்யாணப் பரபரப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், அதுவும் தன் வழக்கமான கையெழுத்தில், கவிதா என்று. நான் அதையும் கவனிக்கவில்லை. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-இன்படி கோயிலில் நடந்த திருமணத்தின் பதிவுதான் அரசாங்கத்துக்கும் போகிறது, காலாண்டுக்கு ஒருமுறை மறைமாவட்டம் வழியாக விவரம் அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கணவரின் விசாவோடு சேர்த்து விண்ணப்பித்தபோது, பாஸ்போர்ட்டில் கவிதா, திருமணச் சான்றிதழில் மரிய தெரேசா, இவர் மனைவிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நிறுத்திவிட்டார்கள். சரிசெய்ய என்ன செய்தோம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம், திருமுழுக்குப் பங்கிலிருந்து ஒரு கடிதம், இரண்டையும் வைத்து பேராயர் இல்லத்துக்கு ஒரு விண்ணப்பம். அங்கிருந்து அனுமதி வந்தபிறகுதான் திருமணப் பதிவேட்டில் கைவைக்க முடிந்தது. அதுவும் பழைய பெயரை அடித்துத் திருத்துவது கிடையாது. எழுதினது எழுதினபடி இருக்கும், ஓரத்தில் 'கவிதா என்பவரும் இவரே' என்று குறிப்பு, தேதி, அனுமதிக் கடிதத்தின் எண், பங்குத்தந்தையின் கையெழுத்து, முத்திரை. அப்புறம் அந்தக் குறிப்போடு சேர்த்துப் புதிய சான்றிதழ். இரண்டரை மாதம் ஆயிற்று. மாப்பிள்ளை தனியாகத்தான் விமானம் ஏறினார். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அவளுடைய அப்பா திட்டினார், நியாயமாக.

அதனால் உங்கள் மகனுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, அதிலும் வரிசை முக்கியம். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர் அதே எழுத்துக்கூட்டலில் முதலில், புனிதர் பெயர் அதற்குப் பின்னால். 'இளமாறன் அந்தோனி' என்றோ, 'இளமாறன் என்கிற அந்தோனி' என்றோ எழுதச் சொல்லலாம். நான் 'என்கிற' போடுவதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் சேர்த்து எழுதினால் அது ஒரே நீளப்பெயர் போலத் தெரிந்து, ஆதாரில் பாதிப் பெயர்தானே இருக்கிறது என்று பின்னால் ஒருவர் கேட்கக்கூடும். புனிதர் பெயரை முன்னால் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் பின்னால் இருக்கும் அட்டவணையில் அது 'அ' வரிசைக்குப் போய்விடும். முப்பது வருடம் கழித்து உங்கள் மகன் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஆள் அனுப்பி 'இளமாறன்' என்று தேடச் சொன்னால் 'இ' வரிசையில் இருக்காது. கணினியில் ஏற்றியிருக்கும் பங்குகளில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் எல்லாப் பங்கிலும் பழைய புத்தகம் முழுவதும் ஏற்றிவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எழுத்துக்கூட்டல் என்றேனே, அதை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். சான்றிதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகின்றன. இளமாறன் ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் தொடங்குமா 'ஈ' எழுத்தில் தொடங்குமா என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் நகலைப் படிவத்தோடு பின் அடித்துக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். திருமுழுக்கு முடிந்து எல்லோரும் போட்டோ எடுக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் அலுவலகத்துக்குப் போய் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு மை காயும் முன் கண்டுபிடித்த பிழைக்கு அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பல வருடம் கழிந்தால் மேலே சொன்ன பேராயர் இல்லப் படலம்தான்.

பெயரைவிட அதிகமாக ஆளைக் கவிழ்ப்பது இனிஷியல். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம்மூரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் பிள்ளைக்கு. உங்களுக்கும் உங்கள் மகனைப் போலவே இரண்டு பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டிலும் ஆதாரிலும் குமார், திருமுழுக்கில் ஜோசப் என்று இருக்கும் ஒரு அப்பா, குழந்தையின் பதிவில் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் தன் திருமுழுக்குப் பெயரைப் பக்தியோடு ஜோசப் என்று சொல்வார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா குமார். குழந்தைக்குப் பள்ளியில் இனிஷியல் 'கே', கோயிலில் 'ஜே'. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அப்போதுதான் வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். பெற்றோர் கட்டத்திலும் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள், 'குமார் என்கிற ஜோசப்' என்று. அம்மாவுக்கும் அப்படியே.

இனி எந்தப் புனிதர் என்ற கேள்வி. புனிதர் பெயர் என்றாலே வெளிநாட்டுப் பெயர் என்று நினைத்துத்தான் இளமாறன் என்று வைத்தவர்களுக்குச் சங்கடம் வருகிறது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் நம் பெரியவர்கள் அந்தப் பெயர்களை அப்படியே விழுங்கவில்லை, பொருளையோ ஓசையையோ பார்த்துத் தமிழாக்கினார்கள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், அதனால் பவுல் நமக்குச் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் இருக்கிறது, அதனால் அருளப்பர். பேதுரு ராயப்பர் ஆனார், ஜோசப் சூசையப்பர் ஆனார், அலோசியஸ் ஞானப்பிரகாசியார் ஆனார். தாத்தா பெயர் சின்னப்பன், பேரன் பெயர் பால் என்று இருக்கும் வீடுகளில் இரண்டும் ஒரே பெயர்தான் என்று தெரியாமலேயே இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மிகத் தெளிவான சாட்சி புனித தேவசகாயம். 1712-இல் நீலகண்டனாகப் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குக் கொடுத்த பெயர் லாசர். லாசர் என்பதற்கு 'இறைவன் உதவி' என்று பொருள், அதைத் தமிழ்ப்படுத்தித் தேவசகாயம் என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த அறிவிப்புக்கு முன் அவர் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும், புனிதர் பெயரோடு அதையும் சேர்த்து எழுதச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். 'இளமாறன் என்கிற தேவசகாயம்' என்று எழுதினால் தமிழ்ப் பெயரும் ஆயிற்று, புனிதர் பெயரும் ஆயிற்று. இதே மாதிரி அருளானந்தம் இருக்கிறது. போர்ச்சுகலில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே வந்து அருளானந்தராகி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் உயிர் துறந்தார். சென்னைக்காரர்களுக்கு உள்ளூர் உரிமையோடு சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றால் தோமையார் இருக்கவே இருக்கிறார், சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என்று மூன்று இடத்தில் அவர் நினைவு.

பெயரைத் தேர்ந்தெடுத்தபின் எந்தப் புனிதர் என்பதையும் குறித்து வையுங்கள். பதிவேட்டில் அதற்கு இடம் கிடையாது, வீட்டு விவிலியத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தெரேசா என்றால் லிசியு தெரேசாவுக்கு அக்டோபர் 1, அவிலா தெரேசாவுக்கு அக்டோபர் 15, அன்னை தெரேசாவுக்கு செப்டம்பர் 5. பிரான்சிஸ் என்றால் அசிசியாருக்கு அக்டோபர் 4, சவேரியாருக்கு டிசம்பர் 3. நாமவிழா கொண்டாடும் வீட்டில் இது தெரியாமல் பாட்டி ஒரு நாளும் அம்மா ஒரு நாளும் பாயசம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், குழந்தைக்கு அதில் நஷ்டம் இல்லைதான். தோமையார் திருநாளைப் பழைய ஆட்கள் டிசம்பர் 21 என்பார்கள், இப்போதைய நாள்காட்டியில் ஜூலை 3. திருமுழுக்குச் சடங்கில் புனிதர்களின் மன்றாட்டுமாலை வரும், அதில் குழந்தையின் புனிதரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. முன்கூட்டியே குருவானவரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் போய் காதில் சொன்னால் மறந்துவிடுவார்.

அரசாங்கப் பக்கம் ஒரு பத்தி போதும். திருமுழுக்குச் சான்றிதழில் ஒரு பெயர் கூடியதால் பிறப்புச் சான்றிதழிலோ ஆதாரிலோ எதையும் மாற்றும் கடமை உங்களுக்கு இல்லை. அந்தோனியையும் அரசு ஆவணங்களில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது பெயர் மாற்றம், தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்கப்புறம் ஒவ்வொரு அட்டையாக ஓட வேண்டும். என் கருத்து, வேண்டாம். இன்னும் பெயரே ஏற்றாமல் பிறப்பை மட்டும் பதிந்து வைத்திருக்கும் பெற்றோர் இதைப் படித்தால், உங்கள் நிலைமை வேறு. குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருடம் வரை சேர்க்கலாம். இரண்டு பெயரும் எல்லா இடத்திலும் வேண்டும் என்றால் அப்போதே முடிவு செய்து, மாநகராட்சியிலும் கோயிலிலும் ஒன்றாகவே எழுதிவிடுங்கள். இன்னொன்று, சாதிச் சான்றிதழ், இடஒதுக்கீடு பற்றிய கவலையோடு கேட்பவர்களுக்கு: அங்கே பெயரைவிட மதம்தான் கணக்கு, அது வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் மனைவியின் செசிலியாவுக்கு வருகிறேன். உறுதிப்பூசுதலில் புதுப்பெயர் எடுப்பது சட்டம் அல்ல, சடங்கு நூலும் கேட்பதில்லை. சடங்கில் ஞானத்தாய் பிள்ளையின் தோளில் வலது கையை வைத்துப் பெயரைச் சொல்வார், அல்லது பிள்ளையே சொல்லும், பேராயர் அந்தப் பெயரைச் சொல்லி நெற்றியில் கிறிஸ்மா பூசுவார். அங்கே திருமுழுக்குப் பெயரையே சொல்வதுதான் இயல்பு. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் "உனக்குப் பிடித்த ஒரு புனிதரைத் தேர்ந்தெடு" என்று சொல்லி, சீட்டில் எழுதிச் சட்டையில் குத்திவிடுகிற பழக்கம் பல பங்குகளில் உண்டு. எங்கள் பங்கிலும் இருந்தது. ஒரு வருடம் பதினோரு பையன்களும் செபஸ்தியார் ஆனார்கள், அம்பு தைத்த படம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் மனைவி செசிலியாவை எடுத்திருக்கிறார் என்றால் பாட்டுக்காரியாக இருந்திருப்பார், இசைக்குப் பாதுகாவலி அவர்தான், நவம்பர் 22. இந்த வயதில் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த பெயர் என்பதால், திருமுழுக்கில் வீட்டுப் பெயர் மட்டும் வைத்துவிட்டு, புனிதர் பெயரை மகன் உறுதிப்பூசுதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் நல்ல வழிதான். பங்குத்தந்தை வற்புறுத்தினால் இதையே சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பெயர் ஏன் சான்றிதழில் இல்லை என்றால், உறுதிப்பூசுதலுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அது எந்தக் கோயிலில் பேராயர் வந்து கொடுத்தாரோ அந்தப் பங்கில் இருக்கும். அங்கிருந்து திருமுழுக்குப் பங்குக்குத் தகவல் போகவேண்டும், போனால் குறிப்புக் கட்டத்தில் 'உறுதிப்பூசுதல், இன்ன தேதி, இன்ன இடம்' என்று ஏறும். தேதியும் இடமும்தான் அங்கே எழுதுவோம், புதுப்பெயரைப் பெரும்பாலும் எழுதமாட்டோம். ஒரே நாளில் நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியூரில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகத் தபால் எழுதுவதில் விட்டுப்போவதும் சகஜம், நானும் விட்டிருக்கிறேன். அந்தப் பெயருக்கு அரசு ஆவணத்தில் எந்த மதிப்பும் இல்லை, ஆகையால் எங்கும் காணோம் என்று பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க ஆசையாக இருந்தால், உறுதிப்பூசுதல் நடந்த பங்குக்கு, வருடமும் திருமுழுக்குப் பெயரும் அப்பா பெயரும் எழுதிய ஒரு சீட்டோடு வாரநாளில் காலையில் போகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் அலுவலகத்தில் யாருக்கும் புத்தகத்தை இறக்க நேரம் இருக்காது. செசிலியா என்று கேட்க வேண்டாம், அட்டவணையில் அந்தப் பெயரில் இருக்காது.